செக் இன்ஜின் விளக்கு மின்னும்போது: குறியீட்டிலிருந்து கடிபட்ட ஒயர் வரை

தை மாதத்தில் சம்பா அறுவடை முடிந்து வயல்கள் வெறிச்சோடியதும், வரப்பு வளைகளில் வாழ்ந்த எலிகள் தீனியும் மறைவிடமும் தேடி வைக்கோல் போருக்கும் வீட்டுக்கும் இடம்பெயர்கின்றன. அவற்றில் சில, இரண்டு மூன்று வாரம் அசையாமல் நின்ற காரின் பானட்டுக்குள் குடியேறி ஒயர்களைக் கடித்துவைக்கின்றன. மன்னார்குடிக்கு அருகே இருக்கும் என் மாமாவின் பெட்ரோல் கார் அப்படித்தான் பழுதானது. அதை ஒரு பணிமனையில் காட்டியபோது அங்கே ஸ்கேனர் கருவியைச் செருகி, காரின் கணினியில் பதிந்திருந்த கோளாறுக் குறியீட்டை அழித்துவிட்டு, சென்சார் கோளாறு சரியாகிவிட்டது என்று சொல்லி அனுப்பினார்கள். இருபது கிலோமீட்டர் ஓடுவதற்குள் விளக்கு மீண்டும் எரிந்தது. அழிக்கும் முன்பு அதே ஸ்கேனரில் இன்னும் இரண்டு பக்கங்களைப் படித்திருந்தால் பழுது எங்கே இருக்கிறது என்பது அன்றே தெரிந்திருக்கும். அந்தப் பக்கங்களை எப்படிப் படிப்பது என்பதையும், படித்தபின் எந்த வரிசையில் தேடுவது என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

சிவப்பு விளக்கு எரிகிறது

இதற்கு ஸ்கேனரைத் தேட வேண்டாம். எண்ணெய்க் குடுவை வடிவச் சிவப்பு விளக்கு ஓடும்போது எரிந்தால் இன்ஜினுக்குள் எண்ணெய் அழுத்தம் இல்லை என்று பொருள். ஓரமாக நிறுத்தி உடனே இன்ஜினை அணைத்துவிட வேண்டும். வெப்பமானி வடிவச் சிவப்பு விளக்கு எரிந்தாலும் அதேபோல நிறுத்தி, ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடாமல் இருக்க வேண்டும். பேட்டரி வடிவ விளக்கு ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை என்பதைக் காட்டுகிறது. பேட்டரியில் மிச்சமிருக்கும் மின்சாரம் தீரும்வரை மட்டுமே வண்டி ஓடும். இனி இங்கே பேசப்போவது மஞ்சள் நிறத்தில் இன்ஜின் வடிவத்தில் எரியும் செக் இன்ஜின் விளக்கை மட்டுமே.

மஞ்சள் விளக்கு: நிலையாக எரிகிறதா, மின்னுகிறதா?

சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும் இந்த விளக்கு எரிந்து, இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். சாவி ஆன் நிலையிலும் எரியவே இல்லை என்றால் விளக்குதான் பழுது, அல்லது யாரோ வேண்டுமென்றே அதைக் கழற்றியிருக்கிறார்கள். பழைய கார் வாங்குபவர்கள் இதை முதலில் பார்ப்பது நல்லது.

ஓடும்போது நிலையாக எரிந்தால், புகை வெளியேற்றத்தைப் பாதிக்கும் ஏதோ ஒரு கோளாற்றை இசியு என்னும் இன்ஜின் கணினி உறுதி செய்து பதிந்துவைத்திருக்கிறது. வண்டி இயல்பாக ஓடினால் வீடு வரை ஓட்டிவந்து நிதானமாகப் பார்க்கலாம்.

விளக்கு விட்டுவிட்டு மின்னினால் நிலைமை வேறு. ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் அப்படியே வெளியேறுகிறது என்பதே அதன் பொருள். மெக்கானிக்குகள் இதை மிஸ்ஸிங் என்பார்கள். எரியாத பெட்ரோலும் பயன்படாத காற்றும் புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரிவதால், அதன் உள்ளிருக்கும் தேன்கூடு போன்ற பீங்கான் உருகிப்போகும் அளவுக்குச் சூடேறுகிறது. மின்னத் தொடங்கியதும் ஆக்சிலேட்டரிலிருந்து காலைத் தளர்த்துங்கள். மின்னுவது நின்றால் மெதுவாக அருகில் உள்ள பணிமனைக்குப் போகலாம். தொடர்ந்து மின்னினால் நிறுத்திவிட்டு இழுத்துச்செல்ல ஏற்பாடு செய்வதே சரி.

எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதும் டெல்டாவில் கவனிக்க வேண்டிய ஒன்று. அறுவடைக் காலத்தில் கிராமச் சாலைகளின் ஓரத்தில் நெல்லும் வைக்கோலும் காய்ந்துகொண்டிருக்கும். மிஸ்ஸிங்கில் பழுக்கக் காய்ந்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வண்டியின் அடியில் தரைக்கு வெகு அருகே இருக்கிறது. அதைக் காய்ந்த வைக்கோலின் மேல் கொண்டுபோய் நிறுத்தினால் தீப்பிடிக்கலாம். வெறும் தரையோ தார்ச் சாலையோ பார்த்து நிறுத்துங்கள்.

ஸ்கேனரைச் செருகினேன், இணையவில்லை

இந்தியாவில் 2013 ஏப்ரலிலிருந்து பயணிகள் கார்களுக்கு, கோளாறுகளைக் காரே கண்டறிந்து பதியும் ஓபிடி-2 முறை கட்டாயம். ஆகவே அதற்குப் பின் வந்த கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே, பதினாறு முனைகள் கொண்ட செருகுவாய் ஒன்று இருக்கும். ELM327 என்ற பெயரில் விற்கும் சிறிய புளூடூத் ஸ்கேனரை அதில் செருகி, சாவியை ஆன் நிலையில் வைத்து, முதலில் கைப்பேசியின் புளூடூத் அமைப்பில் இணைத்துவிட்டுப் பிறகு செயலியைத் திறக்க வேண்டும். இணைப்பு எண் பெரும்பாலும் 1234 அல்லது 0000 ஆக இருக்கும். ஐபோன் வைத்திருப்பவர்கள் வைஃபை அல்லது குறைமின் புளூடூத் வகை ஸ்கேனரைத்தான் வாங்க வேண்டும். சாதாரண புளூடூத் வகை அதனுடன் இணையாது.

ஸ்கேனரின் விளக்கே எரியவில்லை என்றால் செருகுவாயின் பதினாறாம் முனைக்கு மின்சாரம் வரவில்லை. பல கார்களில் அந்த முனைக்கும் வண்டிக்குள் இருக்கும் 12 வோல்ட் சார்ஜர் குழிக்கும் ஒரே ஃபியூஸ்தான் என்பதால், முதலில் அந்த ஃபியூஸைப் பாருங்கள். விளக்கு எரிந்தும் செயலி இசியுவைக் கண்டுபிடிக்கவில்லை என்றால் ஸ்கேனரே தரம் குறைந்த நகலாக இருக்கக்கூடும். வேறொரு காரில் செருகிப் பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும்.

இந்தச் சிறு கருவிக்கு ஓர் எல்லை உண்டு. பொதுவான செயலியோடு அது படிப்பது இன்ஜின் தொடர்பான குறியீடுகளை மட்டுமே. ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகளுக்கான குறியீடுகளைப் படிக்க அந்தந்தத் தயாரிப்புக்கு உரிய கருவியோ செயலியோ வேண்டும். “கோளாறு ஏதும் இல்லை” என்று செயலி சொல்லும்போது ஏர்பேக் விளக்கு எரிந்துகொண்டிருந்தால், செயலியை நம்பாமல் விளக்கையே நம்புங்கள்.

குறியீடு வந்துவிட்டது, இப்போது அழிக்கலாமா?

அழிக்கக் கூடாது. ஒரு குறியீடு உறுதியாகும் அந்த நொடியில் வேகம், இன்ஜின் சுழற்சி, சூடு, சுமை ஆகியவற்றை இசியு ஒரு நிழற்படம் போலப் பதிந்துவைக்கிறது. செயலிகளில் அதை “Freeze Frame” என்ற பெயரில் காணலாம். குறியீட்டை அழிக்கும்போது அந்தப் பதிவும் சேர்ந்தே அழிந்துவிடும். பேட்டரி ஒயரைக் கழற்றினாலும் பல கார்களில் இதே இழப்பு ஏற்படும். எனவே குறியீடுகளையும் இந்தப் பதிவையும் கைப்பேசித் திரையில் படம் பிடித்தோ தாளில் எழுதியோ வைத்துக்கொண்ட பிறகுதான் வேறெதையும் தொட வேண்டும்.

மாமாவின் காரில் நான் செயலியின் கட்டளைப் பக்கத்தில் நேரடியாகக் கேட்டேன். வந்த விடை இது:

```
>03
43 02 03 02 03 52
>020C00
42 0C 00 20 D0
```

`03` என்பது பதிந்த குறியீடுகளைக் கேட்கும் கட்டளை. விடையில் 43 என்பது அதற்கான பதில் என்பதையும், அடுத்த 02 இரண்டு குறியீடுகள் இருப்பதையும் சொல்கின்றன. மிச்சத்தை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 0302, 0352. முன்னால் P சேர்த்தால் P0302, P0352. செயலி இதைத் தானே மாற்றிக் காட்டும் என்றாலும், அடியில் என்ன நடக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டால் எந்தச் செயலியிலும் குழப்பம் வராது.

முதலெழுத்து P என்றால் இன்ஜினும் கியரும் சார்ந்தது. அடுத்து வரும் 0 என்பது எல்லாத் தயாரிப்பாளர்களுக்கும் பொதுவான குறியீடு என்பதையும், அதற்கடுத்த 3 பற்றவைப்பும் மிஸ்ஸிங்கும் சார்ந்த பிரிவு என்பதையும் காட்டுகின்றன. P0302 என்றால் இரண்டாம் சிலிண்டரில் மிஸ்ஸிங். P0352 என்றால், பிளக்கில் தீப்பொறி உண்டாக்க உயர் மின்னழுத்தம் தரும் காயில்களில் இரண்டாவதன் மின்சுற்றில் கோளாறு. இந்த இரண்டும் சேர்ந்து வந்ததுதான் முக்கியமான தடயம். முதல் குறியீடு மட்டும் இருந்திருந்தால் பிளக், காயில், இன்ஜெக்டர், வால்வு என்று எதுவும் காரணமாக இருக்கலாம். இரண்டாவதும் சேரும்போது பழுது பெட்ரோல் பக்கம் இல்லை, மின்சாரப் பக்கம் என்பது ஏறக்குறைய உறுதியாகிறது. ஆனால் குறியீடு காயிலையே குற்றம் சொல்லவில்லை, காயிலின் சுற்றைச் சொல்கிறது. அந்தச் சுற்றில் காயில், கனெக்டர், ஒயர், இசியு ஆகிய எல்லாமே அடக்கம். குறியீட்டைப் பார்த்தவுடன் காயில் வாங்க ஓடுபவர்கள் பணத்தை இழப்பது இந்த இடத்தில்தான்.

இரண்டாவது கட்டளை அந்தப் பதிவிலிருந்து இன்ஜின் சுழற்சியைக் கேட்கிறது. 20, D0 ஆகியவை பதினாறடிமான எண்கள். அவை முறையே 32, 208. முதலாவதை 256 ஆல் பெருக்கி, இரண்டாவதைக் கூட்டி, நான்கால் வகுத்தால் 2,100 சுற்று கிடைக்கிறது. செயலியின் பக்கத்தில் மற்ற அளவுகளும் இருந்தன: வேகம் 55 கிலோமீட்டர், இன்ஜின் சூடு 88 டிகிரி, சுமை 72 விழுக்காடு. அதாவது இன்ஜின் நன்றாகச் சூடேறி, நடுத்தர வேகத்தில், ஆக்சிலேட்டரை நன்கு அழுத்தியபோது பழுது வந்திருக்கிறது. மாமா சொன்னதும் இதோடு பொருந்தியது: “வீட்டு வாசல்ல நிக்கிறப்ப நல்லாத்தான் ஓடுது மாப்ளே, வடுவூர் தாண்டி லாரிய முந்தப் போனாத்தான் குலுங்குது.”

மழைக்குப் பிறகு காலையில் மட்டும் குலுங்குகிறது

பதிவில் இன்ஜின் சூடு 30 டிகிரி அளவில் இருந்து, ஐப்பசி கார்த்திகை மழையில் வண்டி நனைந்தபிறகோ பானட்டைத் திறந்து நீர் பீய்ச்சிக் கழுவிய பிறகோ பழுது தொடங்கியிருந்தால் வேறு வழியில் போக வேண்டும். பிளக் உட்கார்ந்திருக்கும் ஆழமான குழிக்குள் தண்ணீர் இறங்கி, தீப்பொறி பிளக்கின் நுனிக்குப் போகாமல் பக்கவாட்டில் கசிந்துவிடும். இன்ஜின் சூடேறி நீர் ஆவியானதும் வண்டி தானே சரியாகும். காயிலைக் கழற்றிக் குழியைத் துணியால் ஒற்றி உலர்த்தி, காயிலின் ரப்பர் உறையில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்தால் போதும். பெரும்பாலும் அந்த உறையைத்தான் மாற்ற வேண்டியிருக்கும். மாமாவின் கார் 88 டிகிரியில் பழுதானதால் இந்த வழியை நான் உடனே விலக்கிவிட்டேன்.

சூடான இன்ஜினில், சுமை ஏறும்போது மட்டும் குலுங்குகிறது

இங்கே முதல் சோதனைக்குச் செலவே இல்லை. ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனித்தனிக் காயில் இருக்கும் இன்ஜினில், இரண்டாம் சிலிண்டரின் காயிலைக் கழற்றி மூன்றாவதில் போட்டு, மூன்றாவதை இரண்டாவதில் போடுங்கள். இன்ஜினை அணைத்துச் சாவியை வெளியே எடுத்த பிறகே கழற்ற வேண்டும். ஓடும் இன்ஜினில் காயிலைப் பிடுங்கினால் பல்லாயிரம் வோல்ட் பாயும். சிலிண்டர் எண்ணிக்கை பெரும்பாலும் டைமிங் பெல்ட் அல்லது செயின் இருக்கும் பக்கத்திலிருந்து, கியர்பாக்ஸுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து, தொடங்கும். இரண்டு சிலிண்டருக்கு ஒரே காயில் இருக்கும் பழைய வகை இன்ஜினில் இந்தச் சோதனை பொருந்தாது.

மாற்றிப் போட்டபின் குறியீட்டை அழித்து, அதே சூட்டில், அதே வேகத்தில், அதே அளவு ஆக்சிலேட்டர் கொடுத்து ஓட்ட வேண்டும். பதிவில் கிடைத்த அளவுகள் இங்கேதான் பயன்படுகின்றன. தெருவில் ஒரு சுற்று வந்து “இப்போது வரவில்லை” என்று முடிவு கட்டினால் சோதனை வீணாகிவிடும். P0303 என்று குறியீடு இடம் மாறினால் காயில்தான் பழுது. P0302 என்று அதே இடத்திலேயே நின்றால் காயில் நல்லது. நாங்கள் வடுவூர் சாலையில் ஓட்டியபோது விளக்கு மீண்டும் மின்னியது, பழைய இரண்டு குறியீடுகளும் அப்படியே திரும்பி வந்தன. பழுது இரண்டாம் காயிலுக்குப் போகும் ஒயரில் அல்லது கனெக்டரில் இருக்கிறது என்பது அத்தோடு தெளிவானது.

ஒயர் பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கிறது

வண்டி வீட்டில் ஓடிக்கொண்டிருந்தபோது, உலர்ந்த மரக்குச்சி ஒன்றால் காயில்களுக்குப் போகும் ஒயர்க் கட்டை மெல்ல அசைத்துப் பார்த்தேன். பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் எட்டாத தூரத்தில் கையையும் உடையையும் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு குறிப்பிட்ட இடத்தில் குச்சி பட்டதும் இன்ஜின் திக்கியது. அணைத்துவிட்டு மேலே சுற்றியிருந்த வரிக்குழாயைப் பிரித்தால், அடிப்பக்கத்தில் பல் பட்ட தடம் இருந்தது. காயிலுக்கு மின்சாரம் கொண்டுவரும் ஒயரின் மேலுறை ஒரு விரல் அகலத்துக்குத் தின்னப்பட்டு, உள்ளிருந்த செப்பு இழைகளில் மூன்று நான்கு மட்டுமே அறுபடாமல் இருந்தன.

வாசலில் நிற்கும்போது வராத பழுது சாலையில் வந்ததன் காரணமும் இதிலிருந்து விளங்கியது. ஆக்சிலேட்டரை அழுத்தும்போது இன்ஜின் தன் ரப்பர் தாங்கிகளின் மேல் ஒரு பக்கமாகச் சாய்கிறது. அப்போது ஒயர் இழுபட்டு, எஞ்சியிருந்த இழைகளும் தொடர்பு விட்டன. மேலும், சுமை அதிகமாகும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுவதால் தீப்பொறி பாய அதிக மின்னழுத்தம் தேவைப்படுகிறது. மெலிந்த ஒயர் வழியே வரும் மின்சாரம் அதற்குப் போதவில்லை.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் ஏமாறுவதும் இந்த நிலையில்தான். மூன்று இழை மட்டும் மிஞ்சிய ஒயரைத் தொடர்ச்சிச் சோதனையில் வைத்தால் மீட்டர் நன்றாகவே ஒலிக்கும். வோல்ட் அளவும் பேட்டரிக்கு நிகராகவே காட்டும். மீட்டர் மிகச் சிறிய மின்னோட்டத்தையே எடுப்பதால் அதற்கு ஓர் இழையே போதும். உண்மை தெரிய வேண்டுமானால் ஒயருக்குச் சுமை கொடுக்க வேண்டும். இண்டிகேட்டரில் போடும் 21 வாட் பல்பு ஏறக்குறைய ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்கும். காயிலின் கனெக்டரைக் கழற்றி, சாவியை ஆன் நிலையில் வைத்து, மின்சாரம் வரும் முனைக்கும் இன்ஜின் உடலுக்கும் நடுவே அந்தப் பல்பை இணைத்துப் பாருங்கள். பிறகு அடுத்த காயிலின் கனெக்டரிலும் அதேபோல இணையுங்கள். அங்கே பளிச்சென்றும் இங்கே மங்கலாகவும் எரிந்தால், அல்லது ஒயரை ஆட்டும்போது அணைந்து அணைந்து எரிந்தால், பழுது அந்த ஒயரில்தான். இசியுவிலிருந்து வரும் கட்டளை ஒயரில் மட்டும் பல்பை ஒருபோதும் இணைக்காதீர்கள். அந்த மின்னோட்டம் இசியுவைக் கெடுத்துவிடக்கூடும். எந்த முனை எது என்று தெரியாதபோது, முதலில் மீட்டரில் பார்த்துப் பேட்டரி வோல்ட் காட்டும் முனையைக் கண்டுகொள்ள வேண்டும்.

ஒயரைச் சரிசெய்தல்

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, கடிபட்ட பகுதியின் இரு பக்கமும் செம்பு பளபளப்பாகத் தெரியும் இடம் வரை வெட்டி எடுக்க வேண்டும். காற்றிலிருந்த ஈரத்தில் இழைகள் கறுத்திருந்தால் அதன்மேல் ஈயம் ஒட்டாது. அதே தடிமனுள்ள ஒயர்த் துண்டை நடுவில் வைத்து இரு முனைகளையும் ஈயம் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் உறையை மேலே ஏற்றிச் சூடுகாட்ட வேண்டும். உறையைப் பற்றவைக்கும் முன்பே ஒயருக்குள் கோத்துவிட வேண்டும் என்பதை நான் அன்று மறந்து, முதல் இணைப்பை வெட்டி மறுபடி செய்ய நேர்ந்தது. ஈயம் பற்றிய இடம் விறைப்பாகிவிடுவதால் அதன் இரு பக்கமும் ஒயர்க் கட்டை இறுகக் கட்டி, இணைப்பு வளையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் அதிர்விலேயே அது மீண்டும் ஒடியும். வெறும் டேப் மட்டும் சுற்றினால் இன்ஜின் சூட்டில் பசை இளகிக் கழன்றுவிடும்.

சரியாகிவிட்டது என்று எப்போது சொல்லலாம்?

விளக்கு அணைந்ததை மட்டும் வைத்துச் சொல்லக் கூடாது, ஏனெனில் அணைத்தது நாம்தான். பல கோளாறுகளை இசியு முதல் ஓட்டத்தில் தற்காலிகக் குறியீடாக மட்டும் குறித்துக்கொண்டு, அடுத்த ஓட்டத்திலும் கண்டால்தான் விளக்கை எரியவிடுகிறது. அந்தத் தற்காலிகக் குறியீடுகளை `07` என்ற கட்டளையிலோ செயலியின் “Pending” பக்கத்திலோ காணலாம். மாமாவும் நானும் மறுநாள் காலையிலும் மாலையிலும் தஞ்சாவூர் வரை போய்வந்தோம். வடுவூர் தாண்டியதும் இரண்டு முறையும் 55 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிலேட்டரை அழுத்திப் பார்த்தோம். `07` க்கு வந்த விடையில் குறியீடு எதுவும் இல்லை. மூன்றாம் நாள் மாமா காரை வைக்கோல் போருக்கு அருகிலிருந்து எடுத்துத் திறந்த வாசலுக்கு மாற்றினார். போரைச் சுற்றி மூங்கிலால் ஆன தஞ்சாவூர் கிட்டிகள் நான்கை வைத்தோம். முதல் இரவிலேயே இரண்டில் எலி விழுந்தது.